சந்தையின் கொந்தளிப்பைப் பார்த்து முதலீட்டின் அளவை முடிவு செய்வது

பங்குச் சந்தையில் ஒரு பொசிஷன் எடுப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது. முதல் கேள்விக்கு நாள் முழுக்க நேரம் செலவிடுபவர்கள்கூட இரண்டாவதைப் பழக்கத்துக்கு விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தொகை, அல்லது ஒரே எண்ணிக்கையிலான லாட். ஆனால் நிஃப்டி நாளொன்றுக்கு அரை சதவீதம் அசையும் மாதத்தில் போட்ட நான்கு லட்சமும், நாளொன்றுக்கு நான்கு சதவீதம் அசையும் மாதத்தில் போட்ட நான்கு லட்சமும் ஒன்றல்ல. தொகை மாறவில்லை, ஆபத்து எட்டு மடங்காகிவிட்டது. சந்தை இப்போது எந்த அளவுக்குக் கொந்தளிக்கிறது என்பதை அதன் சொந்த வரலாற்றோடு ஒப்பிட்டு, அதற்கேற்பப் பொசிஷனின் அளவை மாற்றுவதே நிகழ்ந்த ஏற்ற இறக்கத்தின் நூற்றுமானத்தைக் கொண்டு அளவிடும் முறை.

இந்த முறை நிற்பதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நாளைக்கு விலை ஏறுமா இறங்குமா என்பதை நேற்றைய விலை பெரும்பாலும் சொல்வதில்லை. நாளைய அசைவு பெரிதா சிறிதா என்பதை அது ஓரளவு சொல்லிவிடும். பெரிய அசைவுக்குப் பின் பெரிய அசைவும், சிறிய அசைவுக்குப் பின் சிறிய அசைவும் வருவதைப் பருத்தி விலைகளை ஆராய்ந்த பெனுவா மாண்டல்பிரோ 1963-இலேயே குறிப்பிட்டார். இந்தக் கொத்துக்கொத்தான இயல்பைக் கணித மாதிரியாக 1982-இல் வடித்த ராபர்ட் எங்கிள் 2003-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். திசையைக் கணிக்க முடியாதவருக்கும் அசைவின் அளவை ஓரளவு கணிக்க முடியும் என்பதுதான் இங்கே பயன்படும் செய்தி.

‘நிகழ்ந்த’ ஏற்ற இறக்கம் என்பது ஏற்கெனவே நடந்த விலை மாற்றங்களிலிருந்து கணக்கிடுவது. செய்திகளில் அடிபடும் இந்தியா விக்ஸ் வேறு வகை. ஆப்ஷன் விலைகளிலிருந்து எடுக்கப்படும் அது, வரவிருக்கும் 30 நாட்களில் எவ்வளவு அசைவைச் சந்தை எதிர்பார்க்கிறது என்று காட்டுகிறது. நிகழ்ந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட முடிவு விலைகள் மட்டும் போதும். ஒவ்வொரு நாளின் சதவீத மாற்றத்தையும் வர்க்கமாக்கி, கடைசி 20 வர்த்தக நாட்களுக்குச் சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் ஒரு நாளுக்குரிய அசைவு கிடைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 252 வர்த்தக நாட்கள் என்பதால், அதை 252-இன் வர்க்கமூலமான 15.87-ஆல் பெருக்கினால் ஆண்டு வீதம் வரும். பாடநூல்களில் உள்ள திட்ட விலக்கம் சராசரி மாற்றத்தைக் கழித்துவிட்டு வர்க்கமாக்கும். இவ்வளவு குறுகிய காலத்தில் அந்தச் சராசரி நம்பத்தக்கதல்ல என்பதால் இங்கே அதைப் பூஜ்யமாகவே கொள்ளலாம்.

இந்த எண் தனியாக நின்றால் அதிகம் பேசாது. 12 சதவீதம் என்பது நிஃப்டிக்குச் சாதாரணம். அதே 12 சதவீதம் ஒரு சிறு நிறுவனப் பங்குக்கு அபூர்வமான அமைதி. இயற்கை எரிவாயுவுக்கோ 50 சதவீதம்கூட வியப்பில்லை. அதனால் இன்றைய எண்ணை அதே பங்கின் அல்லது குறியீட்டெண்ணின் கடந்த ஓராண்டு எண்களோடு வரிசைப்படுத்துகிறார்கள். கடந்த 252 நாட்களின் ஏற்ற இறக்க எண்களில் எத்தனை சதவீதம் இன்றையதைவிடக் குறைவாக இருந்தனவோ, அதுவே இன்றைய நூற்றுமானம். 90 என்றால், கடந்த ஆண்டின் பத்தில் ஒன்பது நாட்கள் இன்றைவிட அமைதியாக இருந்தன என்று பொருள்.

இதைச் செய்ய விரிதாளே போதும். B பத்தியில் இரண்டாம் வரியிலிருந்து முடிவு விலைகள், C-இல் நாள் மாற்றம், D-இல் ஏற்ற இறக்கம், E-இல் நூற்றுமானம் என்று அமைத்தால் சூத்திரங்கள் இவை:

```
C3:    =B3/B2-1
D22:   =SQRT(SUMSQ(C3:C22)/20)*SQRT(252)
E274:  =COUNTIF(D22:D273,"<"&D274)/252
```

நூற்றுமானத்துக்குப் பதிலாக, ஓராண்டின் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடையே இன்றைய எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. அதைத் தவிர்ப்பது நல்லது. ஒரே ஒரு பயங்கர வாரம் அதிகபட்சத்தை 70-க்குத் தூக்கிவிட்டால், அதன்பின் 25 என்பதுகூட அடிமட்டம் போலத் தோன்றும். வரிசையில் இடத்தை எண்ணும் நூற்றுமானத்தை ஒரு வாரத்தால் அவ்வளவு எளிதில் குலைக்க முடியாது.

அடுத்தது, எண்ணைத் தொகையாக்குவது. பத்து லட்சம் ரூபாய் வைத்திருக்கும் ஒருவர், நிஃப்டியைப் பின்தொடரும் இடிஎஃப் யூனிட்டுகளை வாங்குகிறார் என்று கொள்வோம். ஒரு பொசிஷனில் முதலின் 1 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் வரை இழக்கத் தயார். ஸ்டாப் லாஸை ஒரு நாள் அசைவைப் போல மூன்று மடங்கு தள்ளி வைக்கிறார். நூற்றுமானம் 80-ஐத் தாண்டினால், இழக்கத் துணியும் தொகையைப் பாதியாக, 5,000 ரூபாயாகக் குறைக்கிறார். வாங்கும் தொகை என்பது துணியும் இழப்பை ஸ்டாப் லாஸ் தூரத்தால் வகுத்தால் வருவது.

2020-இன் தொடக்கத்தில் இந்த விதி எப்படி நடந்திருக்கும் என்று உண்மையான விலைகளை வைத்துப் பார்க்கலாம். ஜனவரி 14 அன்று நிஃப்டி 12,362-இல் முடிந்தது. 20 நாள் ஏற்ற இறக்கம் ஆண்டு வீதத்தில் சுமார் 12 சதவீதம், அதாவது நாளுக்கு 0.75. ஓராண்டு வரிசையில் அது நடுப்பகுதியில்தான் இருந்தது. ஸ்டாப் லாஸ் 2.25 சதவீதம் தள்ளி. 10,000-ஐ அதால் வகுத்தால் 4.4 லட்சம் ரூபாய்க்கு வாங்கலாம்.

மார்ச் 6-க்குள் நிலைமை மாறிவிட்டது. பிப்ரவரி 28 அன்று 3.71 சதவீதம், மார்ச் 6 அன்று 2.48 சதவீதம் என்று இறக்கங்கள் சேர்ந்து ஏற்ற இறக்கத்தை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருந்தன. முந்தைய ஓராண்டில் அதைத் தெளிவாகத் தாண்டிய காலம் என்றால் 2019 செப்டம்பர் 20 அன்று நிறுவன வரிக் குறைப்பு அறிவிப்பில் நிஃப்டி ஒரே நாளில் 5.32 சதவீதம் பாய்ந்ததை ஒட்டிய வாரங்கள்தான். அப்போதும் அது 25 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆகவே மார்ச் 6-இன் நூற்றுமானம் 80-க்கு மேல். துணியும் இழப்பு 5,000, ஸ்டாப் லாஸ் 3.8 சதவீதம், வாங்கும் தொகை 1.32 லட்சம்.

அடுத்த வர்த்தக நாளான மார்ச் 9 அன்று நிஃப்டி 4.9 சதவீதம் இறங்கியது. 1.32 லட்சத்தில் இழப்பு சுமார் 6,500 ரூபாய். ஜனவரியின் 4.4 லட்சத்தையே பழக்கமாகப் போட்டவருக்கு 21,500.

மார்ச் 12-இன் 8.3 சதவீதச் சரிவோடு ஏற்ற இறக்கம் 40 சதவீதத்தை எட்டியது. முந்தைய ஓராண்டில் அப்படி ஓர் எண்ணே இல்லை என்பதால் நூற்றுமானம் உச்சத்தில் முட்டி நின்றது. மார்ச் 20 மாலையில் அது 58 சதவீதம். நாள் அசைவு 3.68, ஸ்டாப் லாஸ் 11 சதவீதம் தள்ளி, வாங்கக்கூடிய தொகை வெறும் 45,000 ரூபாய். அடுத்த வர்த்தக நாளான மார்ச் 23, திங்கட்கிழமை காலையிலேயே நிஃப்டி 10 சதவீதக் கீழ்வரம்பைத் தொட்டு, 45 நிமிடம் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மாலையில் 12.98 சதவீத இழப்போடு 7,610-இல் முடிந்தது. கடைசி வரை வைத்திருந்தாலும் 45,000 ரூபாய்ப் பொசிஷனின் இழப்பு 5,900 ரூபாய்க்குள். பழைய 4.4 லட்சத்துக்கு 57,000 ரூபாய், அதாவது மொத்த முதலில் ஏறக்குறைய 6 சதவீதம், ஒரே நாளில்.

இந்தக் கணக்கில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது மிக அவசியம். 4.4 லட்சம் 45,000 ஆனதில் பெரும்பங்கு நூற்றுமானத்தால் வந்ததல்ல. ஸ்டாப் லாஸைச் சந்தையின் அசைவுக்கேற்பத் தள்ளி வைத்ததாலேயே தொகை 90,000-க்கு இறங்கிவிட்டது. நூற்றுமானம் அதை மீண்டும் பாதியாக்கியது. முதல் வேலை ஆபத்தைச் சமமாக வைக்கிறது. சந்தை எப்படி இருந்தாலும் ஸ்டாப் லாஸில் வெளியேறினால் இழப்பு 10,000-தான். இரண்டாவது வேலை, அந்த 10,000-ஐயே மாற்றுகிறது. பலர் இவற்றைக் குழப்பிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தை ஒரே தடவைதான் கணக்கில் எடுத்ததாக நினைக்கிறார்கள். இரண்டையும் வைத்திருப்பவர் அதைத் தெரிந்தே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய வாய்ப்புகளில் எப்போதும் நூலளவு பொசிஷனோடு நிற்பதன் காரணம் அவருக்கே புரியாது.

ஆபத்தைச் சமமாக்கிய பிறகும் ஏன் மேலும் குறைக்க வேண்டும்? கொந்தளிப்பில் ஸ்டாப் லாஸ் சொன்ன இடத்தில் வேலை செய்வதில்லை என்பதே முதன்மைக் காரணம். மார்ச் 9-இன் கணக்கே சாட்சி. 3.8 சதவீதத்தில் வெளியேறத் திட்டம், சந்தையோ 4.9 சதவீதம் இறங்கி முடிந்தது. இரவில் வந்த செய்தியால் விலை இடைவெளிவிட்டுக் கீழே திறந்தால், ஸ்டாப் லாஸ் குறித்த விலையில் வாங்க ஆளே இருக்காது. வர்த்தகமே நிறுத்தப்பட்டால் விற்கவும் வழியில்லை. மேலும், 20 நாள் கணக்கு எப்போதும் நடந்ததைத்தான் சொல்கிறது. ஏற்ற இறக்கம் வேகமாக ஏறும் நாட்களில் அது உண்மைக்குப் பின்தங்கியே இருக்கும். பாதியாகக் குறைப்பது இந்தப் பிழைக்கான ஈடு.

அமைதியான பக்கத்தில் இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டு, நூற்றுமானம் 20-க்குக் கீழே போனால் துணியும் இழப்பை 2 சதவீதமாக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். ஏற்ற இறக்கம் நீண்டகாலச் சராசரியை நோக்கித் திரும்பும் இயல்புள்ளது. உச்சத்தில் இருக்கும்போது அது இறங்கவும், அடியில் இருக்கும்போது ஏறவுமே வாய்ப்பு அதிகம். ஆகவே மிக அமைதியான நாட்களின் எண் வரப்போவதைக் குறைத்துக் காட்டுகிறது. அமெரிக்காவில் 2017 அசாதாரண அமைதியான ஆண்டு. 2018 பிப்ரவரி 5 அன்று எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் ஒரே நாளில் 4.1 சதவீதம் இறங்கியபோது, அந்த அமைதி தொடரும் என்று நம்பிப் பெரிய பொசிஷன் கட்டியிருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அமைதியான சந்தையில் ஸ்டாப் லாஸ் தூரம் சுருங்குவதாலேயே தொகை தானாகப் பெருகிவிடுகிறது. நாள் அசைவு 0.4 சதவீதம் என்றால் மேலே சொன்ன விதியே 8.3 லட்சம் வாங்கச் சொல்லும். அதன் மேல் இன்னொரு பெருக்கல் தேவையில்லை. மாறாக, கணக்கில் பயன்படுத்தும் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரைமட்டம் வைப்பது பாதுகாப்பு. உண்மையான எண் 7 ஆக இருந்தாலும் 10 என்றே கொள்ள வேண்டும்.

ஓராண்டு வரிசைக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது மறதியும் பிடிவாதமும் ஒருங்கே கொண்டது. மார்ச் 2020-இன் எண்கள் மார்ச் 2021 வரை வரிசையில் உட்கார்ந்திருந்தன. 2020 மார்ச் 6 அன்று மேல்மட்டத்தில் இருந்த அதே 20 சதவீதம், 2020 செப்டம்பரில் வரிசையின் நடுப்பகுதிக்கு அருகே வந்துவிட்டது. சந்தை அசையும் அளவு ஒன்றுதான், ஒப்பிடும் ஆண்டுதான் மாறியது. இதற்கு மூன்று ஆண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டில் எது அதிக நூற்றுமானம் காட்டுகிறதோ அதை ஏற்பது ஒரு தீர்வு. நூற்றுமானத்தோடு, ‘25 சதவீதத்தைத் தாண்டினால் எப்படியும் பாதி’ என்று ஒரு நேரடி வரம்பும் வைப்பது இன்னொன்று. பின்னது எளிது, பெரும்பாலும் போதுமானது.

20 நாள் சாளரத்துக்கும் ஒரு வினோதம் உண்டு. 2019 செப்டம்பர் 20-இன் 5.32 சதவீத ஏற்றம், அந்தச் சாளரத்தின் மொத்த வர்க்கக் கூட்டுத்தொகையில் பாதியை ஒட்டியது. அந்த நாள் சாளரத்திலிருந்து வெளியேறியதும் ஏற்ற இறக்கம் திடீரென்று இறங்கிவிடும், சந்தையில் அன்று எதுவுமே நடக்காவிட்டாலும். நூற்றுமானம் ஒரே இரவில் சரிவதைக் கண்டால், முதலில் 20 நாட்களுக்கு முன் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இந்தத் துள்ளலைத் தவிர்க்க, சமீபத்திய நாட்களுக்கு அதிக எடையும் பழைய நாட்களுக்குப் படிப்படியாகக் குறையும் எடையும் கொடுக்கலாம். ஜே.பி. மார்கன் 1994-இல் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறையில், ஒவ்வொரு நாள் பின்னோக்கிப் போகும்போதும் எடை 0.94 மடங்காகக் குறைகிறது. அதில் எந்த நாளும் சட்டென்று காணாமல் போவதில்லை.

செப்டம்பர் 20 இன்னொன்றையும் காட்டுகிறது. அது ஏற்றம். வர்க்கமாக்கும் கணக்குக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றே. லாபம் தந்த நாளும் நூற்றுமானத்தை உயர்த்தி, அடுத்த பொசிஷனைச் சிறிதாக்கும். அதைக் குறை என்று சொல்ல முடியாது. ஒரே நாளில் ஐந்து சதவீதம் ஏறும் சந்தை அதே வேகத்தில் இறங்கவும் கூடும்.

நூற்றுமானம் 83-ஆ 86-ஆ என்று தசமப் புள்ளி வரை பார்ப்பதில் பயனில்லை. 252 எண்கள் இருப்பதுபோல் தோன்றினாலும், அடுத்தடுத்த எண்கள் 20-இல் 19 நாட்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றோடொன்று மேற்படியாத சாளரங்கள் என்று பார்த்தால் ஓராண்டில் பன்னிரண்டுதான். பன்னிரண்டு எண்களை வைத்துத் துல்லியமான இடம் சொல்ல முடியாது. அதனால்தான் பரந்த பட்டைகள் போதும். ஆனால் பட்டைகளுக்கு எல்லைச் சிக்கல் உண்டு. நூற்றுமானம் 79-க்கும் 81-க்கும் இடையே தினமும் ஊசலாடினால், பொசிஷனும் தினமும் பாதியாகி மீண்டும் முழுதாகும். தரகும் வரியும் அதில் கரையும். 80-ஐத் தாண்டினால் பாதியாக்கி, 70-க்குக் கீழே வந்த பிறகே முழுதாக்குவது என்று இரு வேறு வாசல்கள் வைத்தால் இந்த ஊசலாட்டம் அடங்கும்.

கடந்த காலத் தரவுகளில் சோதித்துப் பார்ப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. முழுப் பத்தாண்டுத் தரவையும் எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் பத்தாண்டுக்குள் நூற்றுமானம் கணக்கிட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 2019-இல் நிற்கும் கணக்குக்கு 2020 மார்ச் வருவது முன்பே தெரிந்துவிடும். அதேபோல, இன்றைய முடிவு விலையில் கணக்கிட்ட நூற்றுமானத்தைக் கொண்டு இன்று காலையே வாங்கியதாக எழுதுவதும் தவறு. முந்தைய நாள் வரையிலான எண்களை மட்டும் பயன்படுத்தும் திருத்தத்துக்குப் பின் சோதனையின் லாபம் மளமளவென்று சுருங்கினால், முன்பு கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி வருங்காலத்திலிருந்து கடன் வாங்கியது என்று அறியலாம்.

தேதி குறித்து வரும் நிகழ்வுகளை இந்த முறையால் பார்க்கவே முடியாது. 2024 மக்களவைத் தேர்தலின்போது, கருத்துக்கணிப்புகள் வெளியான பிறகு ஜூன் 3 அன்று நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியது. வாக்கு எண்ணிக்கை நாளான ஜூன் 4 அன்று 5.93 சதவீதம் இறங்கியது. அதற்கு முந்தைய வாரங்களின் விலைகள் இப்படி ஒரு பாய்ச்சலைக் காட்டவில்லை. மே மாதம் நெடுக ஏறிக்கொண்டிருந்த இந்தியா விக்ஸ் காட்டியது. நடந்ததை மட்டும் படிக்கும் கருவிக்குப் பக்கத்தில், தேர்தல், பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு ஆகிய தேதிகளில் கையால் குறைக்கும் வழக்கமும் இருந்தால்தான் முறை முழுமையாகும்.

லாபத்தைப் பற்றி என்ன சொல்லலாம்? ஆலன் மொரெய்ரா, டைலர் மியூர் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்ற இறக்கம் அதிகரிக்கும்போது முதலீட்டைக் குறைத்தால் ஆபத்துக்கு ஏற்ற வருவாய் கூடுகிறது என்று காட்டியது. ஸ்காட் சீடர்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல், முன்கூட்டித் தெரியாத நிலையில் நடைமுறையாகச் செய்தால் அந்த நன்மை ஒரே சீராகக் கிடைப்பதில்லை என்று மறுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய சரிவுகளின் ஆழத்தைக் குறைக்கும் கருவியாக மட்டும் இதை நம்புவதே நியாயம். கூடுதல் வருவாயை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. சரிவின் ஆழம் குறைவதற்கும் விலை உண்டு. 2020 ஏப்ரல் 7 அன்று நிஃப்டி ஒரே நாளில் 8.76 சதவீதம் எழுந்தது. விதியைப் பின்பற்றியவரின் 45,000 ரூபாய்ப் பொசிஷனுக்கு அதில் நாலாயிரம்கூட வராது. 4.4 லட்சம் வைத்திருக்கத் துணிந்தவருக்கு 38,000-க்கு மேல். அந்த ஆண்டு இறுதியில் நிஃப்டி 13,981-இல் நின்றது. மீட்சியின் முதல் வாரங்களைச் சிறிய பொசிஷனோடு கடப்பதை ஏற்க முடியாதவர் இந்த விதியை நடுவழியில் கைவிட்டுவிடுவார். பெரும்பாலும் அடுத்த சரிவுக்குச் சற்று முன்பாக.

சிறு முதலீட்டாளருக்கு ஒரு நடைமுறைத் தடையும் இருக்கிறது. 2024 நவம்பர் 20 முதல் செபியின் விதிப்படி, புதிதாக அறிமுகமாகும் குறியீட்டெண் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாய். விதி 1.32 லட்சம் என்று சொல்லும்போது ஒரு லாட் ஃபியூச்சர்ஸ் வாங்கினால், பத்து மடங்குக்கு மேல் பெரிய பொசிஷன் எடுத்ததாகிவிடும். அரை லாட் என்று ஒன்றும் இல்லை. பத்து லட்சம் முதல் உள்ளவருக்கு இந்த முறை இடிஎஃப்பிலும் தனிப் பங்குகளிலும் மட்டுமே செல்லும். ஃபியூச்சர்ஸில் செய்ய வேண்டுமென்றால், மிகக் கொந்தளிப்பான பட்டையிலும் ஒரு முழு லாட்டைத் தாங்கும் அளவுக்கு முதல் இருக்க வேண்டும். அவ்வளவு இல்லாதபோது கணக்கு சொல்லும் விடை பூஜ்யம் லாட், அதாவது அந்த நாளில் வாங்காமல் இருப்பது.